குலுக்கிப் பிரித்த பிறகும் ஏன் மறைக்க வேண்டும்?

கேள்வி: சார், வகுப்பில் கொடுத்த ரிசர்ச் ஸ்லைடில் ரத்த அழுத்தத்துக்கான ஒரு புது மாத்திரையை உதாரணமாக வைத்து ராண்டமைசேஷன், பிளைண்டிங், நான்கு ஃபேஸ் எல்லாம் போட்டிருக்கிறார்கள். மனப்பாடம் செய்தாயிற்று, ஆனால் புரியவில்லை. குலுக்கிப் பிரித்ததுமே இரண்டு குழுவும் சமம் என்றால், அப்புறம் எதற்கு மறைக்க வேண்டும்? ஃபேஸ் 1-இல் இதெல்லாம் கிடையாதா? அந்த மாத்திரையை வைத்தே விளக்க முடியுமா?

பதில்:

இரண்டும் வேறு வேறு நேரத்தில் நுழையும் தவறுகளைத் தடுக்கின்றன. நோயாளி கையில் மாத்திரை போய்ச் சேரும் கணம் வரைக்கும் குலுக்கல் காவல். அந்தக் கணத்திலிருந்து கடைசி அளவீடு எடுக்கும் வரைக்கும், யாருக்கு எந்த மாத்திரை என்று தெரியாமல் வைக்கும் மறைப்பு காவல். ஸ்லைடில் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடுவதால்தான் ஒன்று போலத் தோன்றுகிறது.

மாத்திரையிலிருந்தே தொடங்குவோம். அழுத்தம் 160-க்கு மேல் இருப்பவர்கள் நூறு பேரைப் பிடித்து எல்லோருக்கும் புது மாத்திரை கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் சராசரியாக 14 புள்ளி குறைந்திருக்கிறது. மருந்து வேலை செய்தது என்று எழுதிவிடலாமா? முடியாது. ரத்த அழுத்தம் நாளுக்கு நாள், மணிக்கு மணி ஏறி இறங்கும். ‘160-க்கு மேல்’ என்று வடிகட்டும்போது, அன்றைக்கு மட்டும் தற்செயலாக ஏறியிருந்தவர்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அடுத்த முறை தானாகவே குறையும். முதல் நாள் ஆஸ்பத்திரி பதற்றம் தணிந்ததும் கொஞ்சம் குறையும். சேர்ந்த ஜோரில் உப்பைக் குறைத்தவர்களுக்கும் குறையும். இவை எல்லாம் சேர்ந்து, மருந்தே இல்லாத பிளாசிபோ குழுவிலும் 6 புள்ளி குறைந்திருந்தால், மருந்தின் பங்கு 14 அல்ல, 8. ஒப்பிட ஒரு குழு வேண்டும் என்பது இதனால்தான்.

அந்தக் குழுவை யார் பிரிப்பது? டாக்டரே பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1930-இல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயர் பள்ளிகளில் நடந்த பால் சோதனையைப் பார்க்கலாம். ஏறக்குறைய 20,000 பிள்ளைகள். பாதிப் பேருக்குத் தினமும் பால், மீதிப் பேருக்கு இல்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு எடையும் உயரமும் பார்ப்பதாகத் திட்டம். சீட்டுப் போட்டோ அகரவரிசைப்படியோ பிரிக்கச் சொன்னார்கள். ஆனால் ஒரு சலுகையும் கொடுத்தார்கள்: ஒரு குழுவில் நன்றாகச் சாப்பிட்ட பிள்ளைகளோ மெலிந்த பிள்ளைகளோ அதிகமாகத் தெரிந்தால், சமமாக்குவதற்காகச் சிலரை மாற்றிக்கொள்ளலாம். ஆசிரியர் என்ன செய்வார்? எதிரே எலும்பும் தோலுமாக ஒரு பிள்ளை நிற்கும்போது அதற்குப் பால் கிடைக்கட்டும் என்றுதான் நினைப்பார். விளைவு, பால் கிடைக்காத குழு தொடக்கத்திலேயே உயரத்திலும் எடையிலும் முந்தியிருந்தது.

அதைவிடச் சுவாரசியமான கோளாறு உடுப்பில் இருந்தது. பிள்ளைகளை உடுப்போடுதான் எடை போட்டார்கள். முதல் எடை பிப்ரவரிக் குளிரில், கடைசி எடை ஜூன் மாதத்தில். வசதியான பிள்ளை குளிர்கால உடுப்பைக் கழற்றிவிட்டு வந்திருக்கும், அதனால் அந்தப் பக்கம் எடை கூடியது குறைவாகத் தெரியும். ஏழைப் பிள்ளைக்குக் கழற்ற அவ்வளவு உடுப்பு இல்லை. ஏழைகள் பால் குழுவில் அதிகமாக இருந்ததால், உடுப்பின் எடை வித்தியாசம் பாலின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. இதையெல்லாம் 1931-இல் பிரித்துக் காட்டியவர் ‘ஸ்டூடென்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் கோசெட். நீங்கள் படிக்கும் டி-டெஸ்ட் அவருடையதுதான். இருபதாயிரம் பேருக்குப் பதிலாக ஐம்பது ஜோடி ஒற்றைக்கரு இரட்டையரை எடுத்து, ஜோடியில் யாருக்குப் பால் என்று காசு சுண்டியிருந்தால் போதும் என்றும் அவர் எழுதினார்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை, எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள். புது மாத்திரைக்கும் அப்படித்தான். மயக்கம் வருகிறது என்று சொல்லும் 70 வயதுக்காரருக்குப் புது மருந்து வேண்டாம் என்று எந்த நல்ல டாக்டரும் நினைப்பார். அப்படி நினைத்தாலே புது மாத்திரைக் குழு இளசாகிவிடும்.

அதனால் குலுக்கல். சமவாய்ப்புக் குலுக்கலின் பலன், தெரிந்த வித்தியாசங்களோடு நமக்குத் தெரியாதவையும், அளக்கத் தோன்றாதவையும் இரு பக்கமும் தற்செயலாக மட்டுமே பிரிகின்றன என்பது. ‘இரண்டு குழுவும் சமமாகிவிடும்’ என்று ஸ்லைடில் போட்டிருந்தால் அது கொஞ்சம் மிகை. இருபது பேருக்குக் காசு சுண்டினால், ஏறக்குறைய ஒன்பதில் ஒரு தடவை 14-6 என்றோ அதைவிடக் கோணலாகவோ பிரியும். வித்தியாசம் வராது என்ற உத்தரவாதத்தைக் குலுக்கல் தராது. வந்தாலும் அது தற்செயலானது, எவருடைய விருப்பமும் அதில் இல்லை என்ற உத்தரவாதத்தைத் தரும். தற்செயலைப் புள்ளியியலால் கணக்கிட முடியும், விருப்பத்தைக் கணக்கிட முடியாது.

இன்னொன்றும் இங்கே குழம்பும். யாரைச் சோதனையில் சேர்ப்பது என்பதில் குலுக்கல் கிடையாது. ஓ.பி.க்கு வந்தவர்களில் தகுதி உள்ளவர், சம்மதித்தவர், அவ்வளவுதான். சேர்ந்த பிறகு எந்தக் குழு என்பதற்குத்தான் குலுக்கல். தேர்வில் ‘ராண்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகள்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

குலுக்கல் நடந்தால் மட்டும் போதாது, அடுத்த சீட்டில் என்ன இருக்கிறது என்பது சேர்க்கும் டாக்டருக்குத் தெரியவும் கூடாது. ஓ.பி. எண் ஒற்றைப்படை என்றால் புது மாத்திரை, இரட்டைப்படை என்றால் பழையது என்று பிரித்தால் பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சீட்டைப் பார்த்ததுமே டாக்டருக்கு விடை தெரிந்துவிடும். தனக்குச் சரிப்படாத நோயாளியை ‘நாளைக்கு வாங்க’ என்று அனுப்பிவிடலாம். நால்வர் கட்டாகப் பிரிக்கும் முறையிலும் இந்த ஓட்டை உண்டு. ஒவ்வொரு கட்டிலும் இரண்டு புதுசு (பு), இரண்டு பழசு (ப) என்றால் ஆறு வரிசைகள்தான் சாத்தியம்:

```
புபுபப  புபபுப  புபபபு
பபுபுப  பபுபபு  பபபுபு
```

யாருக்கு என்ன போனது என்று வெளியே தெரிகிற சோதனையில், முதல் இரண்டும் ‘பு’ என்றால் அடுத்த இரண்டும் ‘ப’ என்று யாரும் சொல்லிவிடலாம். அதனால் கட்டின் அளவை நான்கு, ஆறு, எட்டு என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள், எதற்கு அடுத்து எது என்பதை டாக்டருக்குச் சொல்லமாட்டார்கள். வரிசையைத் தயாரிப்பவர் ஒருவர், நோயாளியைச் சேர்ப்பவர் வேறொருவர். நோயாளியின் விவரத்தைக் கணினியில் பதிந்து சம்மதமும் வாங்கிய பிறகுதான் ‘டப்பா எண் 0417-ஐக் கொடு’ என்று திரையில் வரும். டப்பாவுக்குள் எது என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது, ‘ராண்டமைஸ் செய்தோம்’ என்ற வார்த்தையோடு நின்றுவிடாமல், வரிசையை யார் வைத்திருந்தார், எப்படி மறைத்தார் என்று தேடுங்கள். அது இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சரி, இப்போது டப்பா கைக்குப் போய்விட்டது. குழுக்கள் நேர்மையாகப் பிரிந்துவிட்டன. இங்கேதான் உங்கள் கேள்வி வருகிறது. நோயாளிக்கு ‘எனக்குப் புது மாத்திரை’ என்று தெரிந்தால் என்னென்ன மாறும் என்று யோசியுங்கள். உற்சாகத்தில் ஒழுங்காகப் போடுவார், நடைப்பயிற்சி தொடங்குவார். பழைய மாத்திரை கிடைத்தவர் ஏமாற்றத்தில் பாதியில் விட்டுவிடுவார், அல்லது வெளியே வேறு டாக்டரைப் பார்ப்பார். சமமாகத் தொடங்கிய குழுக்கள் இப்படி மெல்ல விலகும். நோயாளிக்கு மட்டும் மறைத்தாலும் போதாது. டாக்டருக்குத் தெரிந்தால், தலைசுற்றல் என்று ஒருவர் சொன்னதும் ‘புது மருந்தால் இருக்கும்’ என்று ஒரு பக்கம் மட்டும் துருவிக் கேட்பார்.

அளப்பவரை மறந்துவிடுகிறார்கள். காதில் ஸ்டெத் வைத்து, பாதரசம் இறங்குவதைப் பார்த்து அளப்பவர் 142 என்பதை 140 என்று எழுதுவது சகஜம். பழைய பதிவேடுகளில் பூஜ்யத்தில் முடியும் எண்கள் அளவுக்கு மீறி இருக்கும். யாருக்கு எந்த மாத்திரை என்று அவருக்குத் தெரிந்தால், அந்த இரண்டு புள்ளி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்கென்றே பூஜ்யப் புள்ளியைக் கண்டபடி நகர்த்திவைக்கும் ஒரு அழுத்தமானி இருந்தது. எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது அளந்து எழுதிய பிறகுதான் தெரியும், அதைக் கழித்தால் உண்மை அளவு. அளப்பவருக்கே தான் அளப்பது எவ்வளவு என்று தெரியாது. இப்போது தானியங்கிக் கருவிகள் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

மறைப்பு கிழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் எப்போதும் சொல்வது அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் நடந்து 1975-இல் வெளியான வைட்டமின் சி சோதனையை. 311 ஊழியர்கள், சளிக்கு எதிராக வைட்டமின் சி கேப்ஸ்யூல் அல்லது லாக்டோஸ் நிரப்பிய போலி கேப்ஸ்யூல். வைட்டமின் சி புளிக்கும், லாக்டோஸ் லேசாக இனிக்கும். சிலர் கேப்ஸ்யூலை வாயிலிட்டு ருசி பார்த்துத் தங்களுக்கு எது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். முடிவில் வைட்டமின் சி குழுவுக்குச் சளி சீக்கிரம் விட்டதாகத் தெரிந்தது. ஆனால் எது என்று ஊகிக்காதவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. குலுக்கல் அங்கே ஒழுங்காகத்தான் நடந்தது. கெட்டது அதற்குப் பிறகு.

நம் மாத்திரைக்கு வருவோம். அதை ஏற்கெனவே வழக்கத்தில் உள்ள ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபைனோடு ஒப்பிடுகிறோம், புதுசு மஞ்சள் வட்டம், அம்லோடிபைன் வெள்ளை என்று வையுங்கள். இரண்டையும் ஒரே மாதிரி செய்ய முடியாவிட்டால், ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, ஆக இரண்டு மாத்திரை கொடுப்பார்கள். ஒருவருக்கு மஞ்சளில் மருந்து, வெள்ளை போலி. இன்னொருவருக்கு வெள்ளையில் மருந்து, மஞ்சள் போலி. ஸ்லைடில் ‘டபுள் டம்மி’ என்று இருப்பது இதுதான். ஆனாலும் அம்லோடிபைன் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். வீங்கிய காலைப் பார்த்ததுமே டாக்டர் ஊகித்துவிடுவார். இதை முழுதாகத் தடுக்க வழியில்லை. அதனால் பக்கவிளைவு கேட்கும் ஆளையும் அழுத்தம் அளக்கும் ஆளையும் பிரித்துவைப்பது நல்லது.

மறைப்பு என்பது யாருக்குமே தெரியாது என்று அர்த்தமல்ல. நோயாளி மயங்கி அவசரப் பிரிவுக்கு வந்தால், அந்த ஒருவருடைய ரகசியத்தை மட்டும் உடனே உடைத்துப் பார்க்க ஏற்பாடு இருக்கும். சோதனை நடக்கும்போதே இரு குழுவின் எண்களையும் பார்க்க, நடத்துபவர்களோடு சேராத ஒரு கண்காணிப்புக் குழுவும் இருக்கும். ஒரு பக்கம் ஆபத்து தெரிந்தால் நிறுத்தச் சொல்ல வேண்டியது அவர்கள்தான்.

குலுக்கலை இன்னொரு இடத்திலும் கெடுக்கலாம், அது கடைசிக் கணக்கில். கால் வீங்கி அம்லோடிபைனை விட்டவர்களைக் கணக்கிலிருந்து நீக்கினால், அந்தப் பக்கம் தாங்கிக்கொண்டவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். குலுக்கிப் பிரித்த குழு அதுவல்ல. அதனால் மாத்திரையை நிறுத்தியவரையும் முதலில் விழுந்த குழுவிலேயே வைத்து எண்ண வேண்டும்.

இனி ஃபேஸ்கள். ஸ்லைடில் ‘ஃபேஸ் 1: 20-80 பேர்’ என்று தலைகளின் எண்ணிக்கையாகப் படித்தால் மனதில் நிற்காது. ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கும் கேள்வி வேறு என்று படியுங்கள்.

முதல் கட்டத்தின் கேள்வி: மனிதர் இதைத் தாங்குவாரா, எவ்வளவு வரை? நம் மாத்திரை போன்றதற்குப் பெரும்பாலும் ஆரோக்கியமான தன்னார்வலர்கள். விலங்குகளில் தீங்கு தராத அளவிலிருந்து கணக்கிட்டு, அதைவிட மிகக் குறைவாகத் தொடங்குவார்கள். எட்டுப் பேர் கொண்ட குழு, அதில் ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்குப் போலி என்பது வழக்கமான அமைப்பு. யாருக்கு எது என்பது குலுக்கலில்தான், மறைத்துத்தான். ஆக, உங்கள் கேள்விக்கு விடை: ஃபேஸ் 1-லும் இரண்டும் இருக்கலாம். தலைவலி ஒருவருக்கு வந்தால் அது மருந்தாலா, காலையில் காபி குடிக்கவிடாததாலா என்று அந்த இரண்டு பேரை வைத்துத்தான் யோசிக்க முடியும். மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு நேரம் உடலில் நிற்கிறது என்றும் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த எட்டுப் பேருக்கு அடுத்த அளவு.

இங்கே அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் நடந்த டிஜிஎன்1412 சோதனை காட்டியது. அது மாத்திரை அல்ல, நரம்பில் ஏற்றும் ஆன்டிபாடி. அங்கும் அதே எட்டுப் பேர், ஆறு மருந்து, இரண்டு போலி. விலங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஆனால் முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று காத்திருக்காமல் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள். மருந்து போன ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தார்கள். போலி ஏற்றிய இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு புதுவகை மருந்தென்றால் முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்துப் போதுமான நேரம் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு என்ற நடைமுறை அழுத்தமாக வந்தது.

இரண்டாம் கட்டத்தின் கேள்வி: நோயாளியிடம் வேலை செய்கிறதா, எந்த அளவில்? லேசான அழுத்தம் உள்ளவர்களை நான்காகக் குலுக்கி, போலி, 5, 10, 20 மி.கி. என்று எட்டு வாரம் கொடுக்கிறோம். முறையே 5, 8, 12, 13 புள்ளி குறைந்தது, 20 மி.கி.யில் மயக்கம் மட்டும் இரு மடங்கானது என்று வையுங்கள். 10-லிருந்து 20-க்குப் போய் ஒரு புள்ளிதான் கூடுதலாகக் கிடைத்தது, அதற்கு மயக்கத்தை விலையாகக் கொடுக்க வேண்டாம். அளவு 10 மி.கி. என்று முடிவாகும். இந்தக் கட்டத்தை அவசரமாகத் தாண்டி, தவறான அளவோடு மூன்றாம் கட்டத்துக்குப் போய்த் தோற்றால் நல்ல மருந்தும் வீணாகும்.

மூன்றாம் கட்டத்தின் கேள்வி: இப்போது கையில் இருக்கும் சிகிச்சையைவிட இது மேலா, குறைந்தது அதற்கு ஈடா? இங்கே அழுத்தம் கணிசமாக உள்ளவருக்கு மாதக்கணக்கில் வெறும் போலியைக் கொடுப்பது நியாயமில்லை, அதனால்தான் அம்லோடிபைனோடு ஒப்பீடு. எத்தனை பேர் என்பது கணக்கில் வரும், வழக்கத்தில் அல்ல. ஆளுக்கு ஆள் அழுத்தம் மாறும் விலக்கம் 15 புள்ளி, நமக்குப் பெரிதாகப் படும் வித்தியாசம் 5 புள்ளி, அது உண்மையில் இருந்தால் தவறவிடாமல் பிடிக்க 90 சதவீத வாய்ப்பு வேண்டும் என்றால், குழுவுக்குச் சுமார் 190 பேர் போதும். வித்தியாசத்தை 2.5 புள்ளியாக்கினால் அது நான்கு மடங்காகிவிடும். பாதியில் விடுபவர்களுக்காக மேலும் சிலரைச் சேர்ப்பார்கள். இந்தியாவில் என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே மருத்துவச் சோதனைகளுக்கான சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் எதை அளக்கப்போகிறோம் என்று எழுதிவிட வேண்டும். 2009-லிருந்து இது கட்டாயம். கட்டுரையில் சொல்லும் முதன்மை அளவீடும் பதிவேட்டில் உள்ளதும் ஒன்றுதானா என்று யாரும் போய்ப் பார்க்கலாம், நீங்களும் ஒரு முறை பாருங்கள்.

நான்காம் கட்டம் அனுமதி கிடைத்து மாத்திரை கடைக்கு வந்த பிறகு. ஏன் தேவை? 3,000 பேருக்குக் கொடுத்து ஒரு பக்கவிளைவு ஒருவருக்கும் வரவில்லை என்றாலும், ஆயிரத்தில் ஒருவருக்கு அது வரக்கூடும் என்பதை அந்த எண்ணால் மறுக்க முடியாது. லட்சக்கணக்கில் போடும்போதுதான் அது தெரியவரும். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் உண்டு. மேலே நாம் அளந்தது முழுக்க அழுத்தத்தின் எண்ணை. நோயாளிக்கு வேண்டியது பக்கவாதமும் மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் வராமல் இருப்பது. எண் இறங்கினால் இவையும் ஒரே அளவில் குறையும் என்பது நம்பிக்கை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நடந்த ஆல்ஹாட் சோதனை அந்த நம்பிக்கையைத்தான் சோதித்தது. 55 வயதைத் தாண்டிய 42,000-க்கு மேற்பட்டவர்கள், நான்கு மாத்திரைகள், நான்கும் ஏற்கெனவே கடையில் விற்றவை, குலுக்கல், இரட்டை மறைப்பு. பழைய, மலிவான குளோர்தாலிடோனுக்கு அதிகம் பேர், மற்றவைக்குக் குறைவு என்று வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாகப் பிரித்தார்கள், மூன்றும் அதோடு ஒப்பிடப்படுவதால். குலுக்கல் என்றால் சரிபாதி என்று எவரும் சட்டம் போடவில்லை. அதில் டாக்ஸாசோசின் போட்டவர்களுக்கு மேல் எண்ணான சுருங்கழுத்தம் குளோர்தாலிடோன் குழுவைவிட இரண்டு மூன்று புள்ளிதான் கூடுதல். ஆனால் இதயச் செயலிழப்பு குளோர்தாலிடோன் குழுவைப்போல இரு மடங்கு. எண்களைப் பார்த்த சுயேச்சையான ஒரு குழுவின் பரிந்துரையில் 2000-இல் டாக்ஸாசோசின் குழுவை மட்டும் பாதியில் நிறுத்தினார்கள். டாக்ஸாசோசின் இன்னும் கடையில் கிடைக்கிறது. ப்ராஸ்டேட் வீக்கத்துக்கும், மற்ற மாத்திரைகளால் அடங்காத அழுத்தத்துக்குக் கூடுதல் மாத்திரையாகவும் எழுதுகிறார்கள். அழுத்தத்துக்கு முதல் மாத்திரையாக அதை எழுதுவதுதான் நின்றுபோனது.